பட்டையின் முனையைப் பார்த்து அறிவோம்

பாடத்திற்கு முன்

கோலார் தங்கவயலின் இராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரே நறுமணப் பொருளை மூன்று பெயர்களால் கேட்டு வாங்குகின்றனர். கன்னடம் பேசுவோர் ‘சக்கெ’ என்பர். இந்தி பேசுவோர் ‘தால்சீனி’ என்பர். வடஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் ‘பட்டை’ என்பர். மூவருக்கும் கடைக்காரர் பெரும்பாலும் ஒரே சாக்கிலிருந்துதான் எடுத்துத் தருகிறார். அந்தச் சாக்கில் இருப்பது உண்மையான இலவங்கப்பட்டையா, அதன் உறவுமரமான காசியாவின் பட்டையா? பெயரைக் கேட்டு இதனை அறிய முடியாது. பட்டையைக் கையில் எடுத்து, அதன் வெட்டுமுனையைப் பார்த்தால் அறியலாம்.

பெயர்கள் தரும் குழப்பம்

‘இலவங்கம்’ என்னும் சொல் தமிழில் கிராம்பையும் குறிக்கும். கன்னடத்திலும் ‘லவங்க’ என்றால் கிராம்புதான். எனவே பட்டையைக் குறிக்கும்போது ‘இலவங்கப்பட்டை’ என்று முழுமையாகச் சொல்வது வழக்கம். இலங்கைத் தமிழர் இதனைக் ‘கறுவா’ என்பர். கொழும்பு நகரின் ஒரு பகுதிக்குக் ‘கறுவாத்தோட்டம்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ‘தால்சீனி’ என்பது பாரசீகச் சொல்லின் திரிபு. அதற்குச் ‘சீனத்து மரம்’ என்பது பொருள். ஆக, ஒரு பெயர் இலங்கையை நினைவூட்டுகிறது. மற்றொரு பெயர் சீனத்தைக் காட்டுகிறது. உண்மையில் இவை இரண்டு மரங்கள்.

இலங்கையிலும் கேரளத்தின் சில பகுதிகளிலும் விளைவது உண்மைக் கறுவா. அதன் தாவரவியல் பெயர் ‘சின்னமோமம் வேரம்’. சீனம், வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருவது காசியா. இதுவும் அதே பேரினத்தைச் சேர்ந்த மரந்தான். ஆனால் இனம் வேறு. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இவ்விரண்டிற்கும் தனித்தனித் தரம் வகுத்துள்ளன. காசியாவைக் காசியா என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அதனை உண்மைக் கறுவா என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பதே ஏமாற்று.

பட்டை உருவாகும் முறை

இரண்டின் தோற்றமும் ஏன் வேறுபடுகிறது என்பதை அறிந்துகொண்டால், அடையாளங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இலங்கையில் கறுவா மரத்தை உயரமாக வளர விடுவதில்லை. அடியோடு வெட்டிவிடுவர். அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் தளிர்த்து எழும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்ந்த கிளையை, மழைக்குப் பின் பட்டை எளிதாகக் கழலும் பருவத்தில் வெட்டுவர். முதலில் சொரசொரப்பான மேற்தோலை வளைந்த கத்தியால் சுரண்டி நீக்குவர். பிறகு பித்தளைக் கோலால் கிளையை அழுத்தித் தேய்ப்பர். இதனால் உட்பட்டை மரத்திலிருந்து தளர்கிறது. பின்னர்க் கத்தியால் கீறி, மெல்லிய உட்பட்டையை மட்டும் உரித்தெடுப்பர்.

உரித்த பட்டைகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, உள்ளே சிறு துண்டுகளையும் நிரப்பி, நீண்ட குழலாக உருட்டுவர். குழலின் வழக்கமான நீளம் 42 அங்குலம். அதனைக் கூரையின்கீழ்க் கட்டிய கயிறுகளின்மீது கிடத்தி நிழலில் உலர்த்துவர். உலரும்போது பல மெல்லிய ஏடுகள் ஒன்றையொன்று தழுவிச் சுருண்டுகொள்கின்றன. குழல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயர்ந்த தரமாகக் கொள்ளப்படும். ‘ஆல்பா’ எனப்படும் முதல்தரக் குழலின் குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேற்படாது.

காசியாவின் கதை வேறு. முதிர்ந்த அடிமரத்திலிருந்தும் தடித்த கிளைகளிலிருந்தும் பட்டையை எடுக்கின்றனர். பல நேரங்களில் மேற்தோலை முழுவதும் சுரண்டுவதில்லை. ஆகவே பட்டை தடிப்பாகவும், புறத்தே சாம்பல் படர்ந்தும் இருக்கிறது. உலரும்போது அந்த ஒற்றைத் தடித்த அடுக்கு உள்நோக்கி வளைகிறதே தவிர, ஏடு ஏடாகச் சுருள்வதில்லை.

நான்கு சோதனைகள்

கடையிலிருந்து 50 கிராம் பட்டைப் பொட்டலம் ஒன்று வீட்டிற்கு வந்திருக்கிறது என்று கொள்வோம். அதனைப் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, வரிசையாகச் சோதிக்கலாம்.

முதலாவது, முனையைப் பார்த்தல். குழலின் வெட்டுமுனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும். இறுகச் சுற்றிய ஓலைச் சுருளைப் போலப் பல மெல்லிய ஏடுகள் தெரிந்தால் அது கறுவா. நடுவில் வெற்றிடம் இருந்து, சுற்றிலும் ஒரே தடித்த சுவர் தெரிந்தால் அது காசியா. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இந்தோனேசியக் காசியாவும் அழகான குழலாகவே வரும். அதன் இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு, இருபுறமும் சுருட்டிய பாயைப் போல் இருக்கும். எனவே ‘சுருண்டிருக்கிறது, ஆகையால் உண்மையானது’ என்று முடிவு செய்யலாகாது. ஏடுகளின் எண்ணிக்கையையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒடித்தல். கறுவாவை விரல்களால் அழுத்தினாலே நொறுங்கும். காசியாவை ஒடிக்க வலிமை வேண்டும். சிறு உரலில் இட்டு இடிக்க வேண்டிவரும்.

மூன்றாவது, நிறம். கறுவா உள்ளும் புறமும் வெளிர்பழுப்பாக இருக்கும். காசியா செம்பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். ஆனால் பழைய கறுவாவும் கருத்துப்போகக்கூடும். ஆகையால் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது.

நான்காவது, சுவை. சிறு துணுக்கை நாவில் வைத்தால், கறுவா மென்மையான இனிப்புடன் தொடங்கும். இலேசான கிராம்பு மணமும் தோன்றும். கிராம்பில் உள்ள ‘யூஜினால்’ என்னும் பொருள் கறுவாப்பட்டையிலும் சிறிதளவு இருப்பதே இதற்குக் காரணம். காசியா நாவைச் சுரீரெனக் கடிக்கும்.

பொடியாக அரைத்துவிட்டால் முதல் இரண்டு சோதனைகளும் பயன்படா. எனவே பட்டையாக வாங்கி, வேண்டும்போது வீட்டில் பொடித்துக்கொள்வதே உறுதியான வழி.

எந்தப் பட்டை எதற்கு?

காசியாவின் உறைப்பான மணம் பிரியாணிக்கும் இறைச்சிக் குழம்பிற்கும் பொருந்தும். நீண்டநேரம் கொதித்தாலும் அம்மணம் நிலைக்கும். பாயசம், பால், தேநீர் போன்றவற்றிற்குக் கறுவாவின் மென்மணம் ஏற்றது.

ஆயினும் நாள்தோறும் பொடியை உட்கொள்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். காசியாவில் ‘கூமரின்’ என்னும் வேதிப்பொருள் மிகுந்துள்ளது. அளவு மிகுந்தால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும். உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை கூமரினை அன்றாடம் ஏற்கலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு இது 3 மில்லிகிராம் ஆகும். காசியாப் பொடியில் கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் கூமரின் இருக்கக்கூடும். அதாவது, நாள்தோறும் பாலில் ஒரு கிராம் பொடி கலந்தாலே அச்சிறுவன் வரம்பைத் தொட்டுவிடுகிறான். ஒரு கிராம் என்பது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவே. கறுவாவிலோ கூமரின் மிகமிகக் குறைவு. எப்போதாவது பிரியாணியில் இட்டு, உண்ணும்போது ஒதுக்கிவைக்கும் பட்டைத்துண்டைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

மணம் குன்றாமல் காத்தல்

பட்டையின் மணம் அதிலுள்ள எண்ணெயிலிருந்து வருகிறது. அந்த எண்ணெய் காற்றில் ஆவியாகும். வெப்பத்தில் விரைந்து ஆவியாகும். காற்றோடும் ஒளியோடும் கலந்து தன் இயல்பு மாறும். எனவே காற்று, வெப்பம், ஒளி, ஈரம் ஆகிய நான்கையும் விலக்குவதே காக்கும் முறை.

பட்டையை முழுதாகவே வைத்தல் வேண்டும். உடைக்குந்தோறும் காற்றுப்படும் பரப்பு கூடும். குழல் நீளமாக இருந்தால், புட்டியின் உயரத்திற்கேற்ப ஒருமுறை மட்டும் ஒடிக்கலாம். நன்கு உலர்ந்த, இறுக மூடக்கூடிய கண்ணாடிப் புட்டியில் இட்டு, இருண்ட அலமாரியில் வைக்க வேண்டும். அடுப்பிற்கு மேலுள்ள தட்டு கைக்கு எட்டுவதாயினும், அங்கு எழும் வெப்பமும் நீராவியும் பட்டையைக் கெடுக்கும்.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் வைக்கலாம். அதன் அறைகளுக்குத் தனி மூடி இல்லாமையால் சீரக மணமும் மிளகு மணமும் பட்டையில் ஏறும். மழைக்காலத்தில் பட்டை சிறிது நமுத்துப்போனால், நிழலில் பரப்பிக் காற்றாட விட வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஈரத்தோடு மணமும் போய்விடும். பூசணம் பிடித்த பட்டையைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். வறுத்துப் பயன்படுத்துதல் கூடாது.

இவ்வாறு காத்தால் முழுப்பட்டை இரண்டு, மூன்று ஆண்டுகள் மணத்துடன் இருக்கும். பொடியோ சில மாதங்களிலேயே மணம் இழக்கத் தொடங்கும். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் சிறு தாளில் எழுதிப் புட்டியில் ஒட்டி வைத்தல் நன்று. ஐயம் எழுந்தால், பட்டையின் ஓரத்தைச் சிறிது ஒடித்து, விரலால் கசக்கி முகர்ந்து பார்க்கலாம். புதிதாக ஒடித்த இடத்திலும் மணம் இல்லையெனில் அதன் காலம் முடிந்தது. கூடுதலாக இட்டாலும் சுவை வராது.

சொல்லும் பொருளும்

திரிபு – மாறிய வடிவம்
ஏடு – மெல்லிய தகடு போன்ற அடுக்கு
நமுத்தல் – ஈரம் ஏறி மொறுமொறுப்புக் குன்றுதல்
பூசணம் – ஈரத்தில் படரும் பூஞ்சை

விடை எழுதுக

1. ‘தால்சீனி’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. குழல் வடிவம் மட்டுமே உண்மைக் கறுவாவின் அடையாளம் ஆகாது. ஏன்?
3. காசியாப்பட்டை தடிப்பாக இருப்பதற்கான காரணத்தை விளக்குக.
4. 40 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு ஏற்கத்தக்க கூமரின் அளவைக் கணக்கிடுக.

செய்து பார்க்க

உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள பட்டையைப் பெரியவர்களின் துணையுடன் எடுத்து, அதன் வெட்டுமுனையைப் பெரிதாக வரைக. ஏடுகள் எத்தனை எனக் குறித்து, அது கறுவாவா, காசியாவா எனக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.