விடையோடு சான்று வரியும்

நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் பாடப்பத்தியைக் கைபேசியில் படமெடுத்து வந்து, வினாக்களுக்கு விடை எழுதுகிறார்கள். விடைக்குக் கீழே அதற்கான வரியையும் எழுதச் சொல்கிறோம்.

ஒரு பத்தி: "ஏரி நிரம்பியது. ஆனால் மதகு பழுதானதால் வயலுக்கு நீர் வரவில்லை." வினா: வயலுக்கு நீர் ஏன் வரவில்லை?

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, 'மதகு பழுதானதால்' விழவில்லை. ஒரு மாணவி, "மழை பெய்யவில்லை" என்று எழுதினாள். சான்று வரி தேடியபோது, "ஏரி நிரம்பியது" என்ற வரியே அவள் விடையை மறுத்தது. மறுபடி முழுப் பக்கத்தையும் படமெடுத்தாள்.

இப்போது விடை: மதகு கெட்டுப்போனதால் நீர் வரவில்லை.
சான்று: "மதகு பழுதானதால் வயலுக்கு நீர் வரவில்லை."

விடை சொந்த நடையில் இருக்கலாம். சான்று வரியில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. சான்று கிடைக்காவிட்டால், விடையை மட்டுமல்ல, படத்தையும் சரிபாருங்கள்.