விலை சரியும்போது ஏடிஎக்ஸ் ஏறுவது ஏன்?

கேள்வி: ஒரு பங்கின் விலை தொடர்ந்து சரிகிறது, ஏடிஎக்ஸ் கோடோ ஏறுகிறது. இது வாங்குவதற்கான அறிகுறியா?

பதில்: இல்லை. 1978இல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ், போக்கின் வலிமையை மட்டுமே அளக்கிறது. ஏறுமுக அசைவை +டிஐ கோடும் இறங்குமுக அசைவை -டிஐ கோடும் காட்டும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். +டிஐ 10, -டிஐ 30 என்றால் வித்தியாசம் 20, கூட்டுத்தொகை 40, விடை 50. எண்கள் இடம் மாறினாலும் அதே 50தான். எது பெரியது என்பது கணக்கில் வருவதே இல்லை. திசை அங்கேயே மறைந்துவிடுகிறது. இந்த விடைகளை, வழக்கமாக 14 நாள் அளவில், சராசரியாக்கினால் கிடைப்பதே ஏடிஎக்ஸ். சராசரி என்பதால், விலை திரும்பிய பின்பும் அது தாமதமாகவே அசையும். 25க்கு மேல் போனால் போக்கு வலுவானது என்று பொதுவாகக் கொள்வார்கள். இங்கே -டிஐ மேலே இருந்தால், வலுப்பது இறக்கமே.