தீனிக்குக் கட்டுப்படியாகாத மாடு எது? நோட்டில் கண்டுபிடிக்கும் வழி

நாசரேத், பிள்ளையன்மனை, குரும்பூர் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு மாடு, மூன்று மாடு, மிஞ்சினால் ஐந்து மாடு. பால் சொசைட்டிக்குப் போகிறது, அல்லது பால்காரர் வந்து அளந்துகொள்கிறார். சொசைட்டி அட்டையைப் பார்த்தால் காலையில் இத்தனை லிட்டர், மாலையில் இத்தனை லிட்டர் என்று இருக்கும். அது வீட்டுக் கணக்கு. மூன்று மாட்டுப் பாலும் ஒரே கேனில் போன பிறகு, எந்த மாடு மற்ற இரண்டின் சம்பாத்தியத்தில் தின்றுகொண்டு நிற்கிறது என்று அந்த அட்டை சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள மாட்டுக்கு ஒரு பக்கம் வேண்டும். தீனி எல்லாம் விலைக்கு வாங்கித்தான் போட வேண்டியிருக்கிற தேரிக்காட்டு ஓரத்து ஊர்களில் இது இன்னும் அவசரம். ஆற்றுப் பாசன ஊர்களில் பிசான அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கும், வாழைத்தோட்டத்திலிருந்தும் கொஞ்சம் தீனி தேறும். தேரிப்பக்கம் அதுவும் இல்லை.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு பக்கம் ஒரு மாட்டுக்கு. மேலே மாட்டின் பெயரும், காதில் போட்டிருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணும், எத்தனையாவது ஈத்து என்பதும், கடைசியாகக் கன்று போட்ட தேதியும் இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. இடது பக்கம் பாலுக்கு. வலது பக்கத்தின் மேல் பாதி சினைக்கு, கீழ்ப் பாதி வைத்தியத்துக்கு. தொழுவத்தில் ஒரு மாதக் காலண்டரையும் பென்சிலையும் தொங்கவிடுங்கள். நடந்ததை அன்றே காலண்டரில் கிறுக்கிவிட்டு, வாரம் ஒருமுறை நோட்டில் ஏற்றினால் போதும். சாணிக் கையோடு நோட்டைத் திறக்க யாருக்கும் மனம் வராது.

பால் அளவு

தினமும் அளக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள் போதும். 1895இல் டென்மார்க்கில் வேயன் என்ற ஊரின் விவசாயிகள் சங்கம் சேர்த்து மாடு மாடாகப் பால் அளக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறையும் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு அளவுதான். 10ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால் எல்லா மாதமும் 10ஆம் தேதி. அன்று மாலைப் பாலையும் மறுநாள் காலைப் பாலையும் மாட்டுக்குத் தனித்தனியே நிறுத்து, கூட்டி எழுதுங்கள்.

அளவுச் செம்பில் அளந்தால் நுரை ஏமாற்றும். தொங்கு தராசில் வெறும் வாளியை நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, பாலோடு நிறுத்துக் கழியுங்கள். ஒரு லிட்டர் பால் 1.03 கிலோ அளவில் வரும், அதனால் கிலோவிலேயே எழுதிக்கொண்டு போகலாம். கன்று குடிக்கிற பால்தான் பெரிய குழப்பம். ஒரு மாட்டில் ஒரு காம்பைக் கன்றுக்கு விடுவோம், இன்னொன்றில் கொஞ்சம் குடிக்கவிட்டு இழுப்போம். அளக்கிற நாளில் மட்டும் கன்றை ஊட்டவிட்டுப் பால் சுரந்ததும் பிடித்துக் கட்டி, நான்கு காம்பையும் கறந்து நிறுத்துவிட்டு, கன்றின் பங்கைப் பாத்திரத்தில் குடிக்கக் கொடுங்கள். முந்தைய மாலைக் கறவைக்கும் மறுநாள் காலைக் கறவைக்கும் இடைவெளி வழக்கம்போலவே இருக்கட்டும். அன்று மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அந்த அளவை நம்பாமல், தேறிய பிறகு அளந்து எழுதுங்கள்.

அந்த ஒருநாள் அளவை 30ஆல் பெருக்கினால் அந்த மாதப் பால். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மாட்டோடு மாட்டை ஒப்பிட இது தாராளம்.

சினைத் தேதிகள்

இந்தப் பகுதியைத்தான் பலரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். ஞாபகம் மாதத்தைச் சொல்லும், தேதியைச் சொல்லாது. இங்கே தேதிதான் வேண்டும். கன்று போட்ட பின் முதலில் பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, காலையா மாலையா, இவை கட்டாயம். ஊசி போட்டு முடித்ததும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கித் துடைத்து, அந்த வரியிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அதில் காளையின் எண் அச்சாகியிருக்கும். பின்னால் அந்த ஊசியில் பிறந்த கிடேரிக்கு ஊசி போடும் நாளில், தகப்பன் காளையே திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள அந்தச் சின்னக் குச்சிதான் சாட்சி.

ஊசி போட்ட அன்றே அடுத்து வரும் நான்கு தேதிகளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஜனவரி 10 அன்று ஊசி என்றால், 21 நாள் கழித்து ஜனவரி 31: அதற்கு மூன்று நாள் முன்னும் பின்னும் மாடு கத்துகிறதா, கண்ணாடி போல் கோழை வடிகிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் 90 நாளில், ஏப்ரல் 10 வாக்கில், டாக்டரிடம் சினைப் பரிசோதனை. 220 நாளில், ஆகஸ்ட் 18 வாக்கில், கறவையை நிறுத்தி வற்றவிட வேண்டும். 280 நாளில், அக்டோபர் 17 வாக்கில், கன்று. ஊசித் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் கன்று போடும் தேதி வந்துவிடும். எருமைக்கு இது பொருந்தாது. அதற்கு 310 நாள்.

ஊசி நிற்கவில்லை என்றால் இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட நாளை எண்ணிப் பாருங்கள். 18 முதல் 24 நாளுக்குள் என்றால் மாடு ஒழுங்காகப் பருவத்துக்கு வருகிறது, சினை மட்டும் நிற்கவில்லை. அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். 40 நாளை ஒட்டி வந்தால், நடுவில் ஒரு பருவத்தை நாம்தான் பார்க்காமல் விட்டிருக்கிறோம். சித்திரை, வைகாசி வெக்கையில் ஜெர்சி கலப்பு மாடுகள் கத்தாமலே பருவம் கடந்துபோவது சகஜம். இந்த இரண்டாவது வகையில் குற்றம் மாட்டின் மேல் இல்லை, அதற்காக அதை விற்கக் கூடாது. தாது உப்புக் கலவை கொடுத்திருக்கிறோமா, குடற்புழு மருந்து எப்போது கொடுத்தோம் என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள்.

வைத்தியம்

தேதி, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள், எவ்வளவு செலவு, எந்தத் தேதி வரை பாலை ஊற்றக் கூடாது. இவ்வளவுதான். ஆன்டிபயாடிக் போட்டால் எத்தனை நாள் பால் கூடாது என்று மருந்தின் லேபிளில் இருக்கும், டாக்டரும் சொல்வார். அந்தத் தேதி வரை அந்த மாட்டுப் பால் பொதுக் கேனுக்குப் போகக் கூடாது. கோமாரித் தடுப்பூசி போட்ட தேதியும் இங்கேதான் வர வேண்டும்.

மடிநோய்க்கு மட்டும் ஒரு சதுரம் போட்டு நான்கு கட்டமாகப் பிரித்து, எந்தக் காம்பு என்று புள்ளி வையுங்கள். ஒரே மாட்டின் ஒரே காம்பில் புள்ளி மேல் புள்ளி விழுந்தால், அந்தக் காம்பில் நோய் வேரூன்றியிருக்கிறது. மாடு மாடாக மாறி மாறி விழுந்தால் கோளாறு தொழுவத்தில்: கறக்கிற கை, ஈரத் தரை, கறந்ததும் மாடு படுத்துவிடுவது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல மாட்டை விற்றுவிட்டு, அடுத்து வாங்கிய மாட்டுக்கும் அதே நோய் வந்து நிற்பவர்கள் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செவலை, மயிலை என்று இரண்டு மாடு. இரண்டும் மூன்றாம் ஈத்து. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஜெர்சி கலப்பில் இயல்பாக வரக்கூடியவைதான்.

செவலை கன்று போட்ட முதல் மாதம் 13 கிலோ, இரண்டாம் மாதம் 14. பிறகு மாதாமாதம் 12, 10.5, 9, 8, 7, 6, 5, 4, 3.5, 3.5, 3 என்று இறங்கி, 13ஆம் மாதத்தோடு வற்றிவிட்டது. கூட்டினால் 98.5, 30ஆல் பெருக்கினால் 2,955 கிலோ. மயிலை 9இல் தொடங்கியது. பிறகு 10, 9.5, 9, 8.5, 8, 7.5, 7, 6, 5, 4.5. பதினோரு மாதம். கூட்டினால் 84, மொத்தம் 2,520 கிலோ.

இதுவரை பார்த்தால் செவலைதான் ராணி. 14 கிலோ கறந்த நாளைத்தான் வீட்டில் எல்லாரும் பேசுவார்கள். இப்போது வலது பக்கத்தைப் பாருங்கள். மயிலைக்குக் கன்று போட்ட 110ஆம் நாள் சினை நின்றது. 280 நாளைக் கூட்டினால் இரண்டு கன்றுகளுக்கு நடுவில் 390 நாள். செவலைக்கு நாலாவது ஊசியில், 260ஆம் நாள்தான் நின்றது. நடுவில் 540 நாள். அதில் ஐந்து மாதம் பால் இல்லாமல் நின்று தின்றிருக்கிறது. மொத்தப் பாலைக் கன்றுக்குக் கன்று உள்ள நாளால் வகுத்தால் செவலைக்கு நாளொன்றுக்கு 5.5 கிலோ, மயிலைக்கு 6.5 கிலோ. நாளைக்கு ஒரு கிலோ வித்தியாசம், பால் கறக்காத நாளையும் சேர்த்து. மயிலை சீக்கிரம் அடுத்த கன்றும் கொடுக்கிறது. வீட்டில் வைத்து வளர்க்க வேண்டியது மயிலையின் கிடேரியைத்தான்.

அதற்காகச் செவலையை நாளைக்கே மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்ட வேண்டாம். மூன்று ஊசியும் 21 நாள் இடைவெளியில் தவறியதா, அல்லது நாம் பருவத்தைக் கோட்டைவிட்டோமா என்பதை முதலில் நோட்டில் பாருங்கள். ஊசி தவறிய மாடு என்றால் கருப்பையைப் பரிசோதித்து ஒரு வைத்தியம் பார்க்கலாம். அடுத்த ஈத்திலும் அதே கதை என்றால் விற்றுவிடலாம்.

ஒப்பிடும்போது இரண்டு தவறுகள் வரும். தலையீத்து மாட்டை மூன்றாம் ஈத்து மாட்டோடு நிறுத்தக் கூடாது. அது முழு மாட்டை விடக் குறைவாகத்தான் கறக்கும், தலையீத்தை மற்ற தலையீத்தோடு பாருங்கள். இரண்டாம் மாதத்தில் இருக்கும் மாட்டை எட்டாம் மாத மாட்டோடும் ஒப்பிடாதீர்கள், அதே மாதத்தோடுதான். ஒரு மாதத்தில் எல்லா மாட்டுக்கும் பால் சேர்ந்து இறங்கினால் அது வெயில், தீனி, தண்ணீர். ஒன்றுக்கு மட்டும், நோயும் இல்லாமல், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால்தான் அந்த மாட்டின் மேல் கண் வையுங்கள். என் கணக்கில் ஒரு மாட்டை ஒதுக்க மூன்று காரணம் போதும்: டாக்டர் பார்த்த பிறகும் சினை நிற்காதது, ஒரே கறவையில் மூன்று முறை மடிநோய், சம ஈத்து மாடுகளை விட நாள் கணக்கில் நாலில் ஒரு பங்கு குறைந்த பால்.

டாக்டர் வரும்போது நோட்டைக் கையில் கொடுங்கள். 1962க்குப் போன் செய்து நடமாடும் மருத்துவ வண்டி வந்தாலும் அப்படியே. போன முறை என்ன ஊசி போட்டது என்று புது டாக்டருக்குத் தெரிய வேறு வழி இல்லை. பெரும்பாலான வீடுகளில் பால் கறப்பதும், மாடு கத்துவதை முதலில் கேட்பதும் பெண்கள்தான். பென்சிலை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும்போதும் அவர்களைக் கேளுங்கள்.