"மெதுவாக வா" என்று சொல்லும் ஸ்டோரேஜ்

அமேசான் எஸ்-3 என்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் 2006-ல் வந்தது. அதில் எவ்வளவு ஃபைல் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எவ்வளவு வேகமாகப் போடலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் 503 என்ற எண்ணோடு `SlowDown` என்ற பதில் வரும். ரிப்பேர் எதுவும் இல்லை, "கொஞ்சம் மெதுவாக வாப்பா" என்பதுதான் அதன் பொருள். இது ஏன் வருகிறது, எப்படிச் சரி செய்வது என்று பார்ப்போம்.

எஸ்-3-ல் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் கீ என்று ஒரு பெயர் உண்டு. நம் கண்ணுக்கு ஃபோல்டர் மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஃபோல்டர் கிடையாது. எல்லாக் கீகளும் அகராதியில் உள்ளது போல் எழுத்து வரிசையில் இருக்கும். அகராதியைப் பல தொகுதிகளாகப் பிரிப்பது போல் இந்த வரிசையையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். கீயின் தொடக்க எழுத்துகள்தான் (பிரிஃபிக்ஸ்) அது எந்தப் பிரிவில் விழும் என்பதை முடிவு செய்யும். 2018-ல் அறிவித்த கணக்குப்படி, இப்படிப் பிரிந்த ஒரு பிரிஃபிக்ஸுக்கு நொடிக்குக் குறைந்தது 3,500 எழுதும் ரெக்வெஸ்ட், 5,500 படிக்கும் ரெக்வெஸ்ட் தாங்கும்.

இனி ஒரு உதாரணம். 60 லட்சம் சின்ன ஃபைல்களை 400 ஒர்க்கர்கள் ஒரே நேரத்தில் ஏற்றுகின்றன. ஒரு ஃபைலுக்கு 20 மில்லிநொடி ஆகிறது என்றால், ஒரு ஒர்க்கர் நொடிக்கு 50 ஃபைல் அனுப்பும். 400 பேரும் சேர்ந்தால் 20,000. கீகளோ எல்லாமே `2024-06-01/` என்று தொடங்குகின்றன. அதாவது 20,000 பேரும் 3,500 பேருக்கான ஒரே கவுண்டரில் போய் நிற்கிறார்கள். `SlowDown` வராமல் என்ன செய்யும்?

பிழை வந்தவுடனே திரும்ப அனுப்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். புதிய ரெக்வெஸ்டோடு பழையதும் சேர்ந்து கூட்டம் பெருகும். சரி, எல்லாரும் ஒரு நொடி பொறுத்து வரட்டும் என்றால், அடுத்த நொடியில் அதே கூட்டம் மொத்தமாக வந்து இடிக்கும். ஆகவே காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக வேண்டும். அதோடு ஆளுக்கு ஆள் மாறவும் வேண்டும். இதைத்தான் பேக்ஆஃப் என்கிறோம்.

```
wait = random.uniform(0, min(20, 0.1 * 2**n))
```

n என்பது 0-லிருந்து எண்ணும் முயற்சி எண். முதலில் 0 முதல் 0.1 நொடிக்குள் ஏதோ ஒரு நேரம், அடுத்து 0.2-க்குள், பிறகு 0.4-க்குள். எவ்வளவு ஏறினாலும் 20 நொடிக்கு மேல் போகாது.

பேக்ஆஃப் போட்டதும் வேலை முடியும். ஆனால் கவுண்டர் அகலமாகவில்லையே! 60 லட்சத்தை 3,500-ஆல் வகுத்தால் சுமார் 1,714 நொடி, அதாவது கிட்டத்தட்ட 29 நிமிஷம். அது போதும் என்றால் 70 ஒர்க்கரே போதும், 400 எதற்கு? 5 நிமிஷத்தில் முடிய வேண்டும் என்றால் கீகளைப் பரப்பத்தான் வேண்டும்.

```
def make_key(name):
    h = hashlib.md5(name.encode()).hexdigest()
    return h[0] + "/" + name
```

முன்னால் வரும் அந்த ஒரு எழுத்து 0 முதல் f வரை 16 வகை. 16 பிரிவானால் 56,000 வரை தாங்கும், நமக்கு வேண்டியது 20,000. ரேண்டம் எழுத்து போடக் கூடாது, பிறகு ஃபைலை எங்கே தேடுவது? பைத்தானின் `hash()`-ம் உதவாது. புரோகிராமை மறுபடி ஓட்டினால் அதே பெயருக்கு வேறு விடை தரும். md5 எப்போதும் ஒரே விடைதான் தரும்.

அந்த எழுத்தைத் தேதிக்குப் பின்னால் வைத்தால் என்ன? இன்றைய கூட்டத்துக்காகப் பிரித்த பிரிவுகள் எல்லாம் இன்றைய தேதியோடு நின்றுவிடும். நாளை புதுத் தேதி, மறுபடி ஒரே கவுண்டர். அதனால்தான் முன்னால் வைக்கிறோம். இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு நாளின் ஃபைல்களைப் பட்டியலிட இனி 16 தடவை கேட்க வேண்டும்.

கீயை மாற்றிய உடனே பிழை நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். எஸ்-3 கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மெல்லப் பிரிக்கும், அதுவரை 503 வந்துகொண்டிருக்கும். ஆகையால் பரப்பினாலும் பேக்ஆஃப் வேண்டும். ஒர்க்கர்களையும் படிப்படியாகக் கூட்டுவது நல்லது.

கடைசியாக, கண்டுபிடிப்பது எப்படி? எஸ்டிகே தானாகவே சில தடவை திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால் பிழையே தெரியாமல் வேலை மட்டும் இழுத்தடிக்கலாம். ஒர்க்கரைக் கூட்டியும் வேகம் ஏறவில்லை என்றால் லாகில் 503-ஐ எண்ணுங்கள். பிறகு கீகளின் முதல் எழுத்துகளை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒன்றாகவே இருந்தால் கோளாறு அங்கேதான்.