பாடம் முடிந்தபின் எழுதும் மூன்று செய்திகள்

இணையவழிப் பயிற்சிகளில் ஒரு பாடம் முடிந்தவுடன், "தாங்கள் அறிந்துகொண்ட மூன்று செய்திகளைச் சொந்தச் சொற்களில் எழுதுக" என்னும் நினைவூட்டல் திரையில் தோன்றுவதுண்டு. பயில்வோரிற் பலர் இதனை வருகைப் பதிவு போன்றதொரு சடங்காகக் கருதி, பாடத்தின் உட்தலைப்புக்களையே பார்த்தெழுதி அனுப்பிவிடுகின்றனர். பயன் எழுதியனுப்பும் விடையில் இல்லை. பாடத்தைப் பாராது நினைவிலிருந்து அதனை மீட்டெடுக்கும் முயற்சியிலேயே உள்ளது.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர்களான ரோடிகர், கார்பிக்கே ஆகிய இருவரும் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவாக்குகிறது. கல்லூரி மாணவர்கள் சிறு கட்டுரைகளைப் படித்தனர். பின்னர் ஒரு கட்டுரையை மீண்டும் படித்தனர். மற்றொன்றைப் படியாது, நினைவில் நின்றவற்றை எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப்பின் சோதித்தபோது மீண்டும் படித்ததே சற்று மேலாக இருந்தது. ஆனால் ஒரு வாரம் சென்றபின், மீண்டும் படித்ததில் ஏறத்தாழ 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியதில் 56 விழுக்காடும் எஞ்சி நின்றன. படித்தவுடன் தோன்றும் தெளிவு ஏமாற்றக்கூடியது என்பது இதனாற் புலனாகும்.

மண் மாதிரி எடுத்தல் பற்றிய பாடமொன்றை எடுத்துக்கொள்வோம். அதனைக் கேட்ட வேளாண்மை ஊழியர், "மண் பரிசோதனை இன்றியமையாதது, மாதிரியை முறைப்படி எடுக்க வேண்டும், உரச் செலவு குறையும்" என்று எழுதுவாராயின், அவர் பாடத்தைக் கேளாமலே அதனை எழுதியிருக்கக்கூடும். இதுவே பயனற்ற விடையை அறியும் எளிய அடையாளம். மற்றொருவர், "வரப்போரத்திலும் எருக்குவியலருகிலும் எடுத்த மண் வயலின் தன்மையைக் காட்டாது, குழியை 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு 'வி' வடிவில் வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும், பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும்" என எழுதுகிறார். இவர் மறுநாள் வயலில் நின்று இதனைச் செய்ய இயலும்.

எழுதும்போது பாடப்பக்கத்தை மூடிவிடுதல் வேண்டும். எழுதி முடித்தபின் அதனைத் திறந்து ஒப்பிடுதலும் வேண்டும். 15 சென்டிமீட்டர் என்பதை 50 என நினைவுகொண்டு எழுதி, திருத்தாது விட்டால் பிழையே மனத்தில் ஊன்றிவிடக்கூடும். நினைவூட்டல் மறுநாட் காலையில் வருமாயின் மீட்டெடுத்தல் சற்றுக் கடினமாகும். அக்கடினம் நினைவை வலுப்படுத்துவதேயாம். எனினும் ஒன்றுமே நினைவிற்கு வாராத அளவிற்குத் தாமதித்தல் ஆகாது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. மூன்று என்னும் கட்டுப்பாடு முதன்மையானதைத் தெரிந்தெடுக்கச் செய்யும். ஆனால் தெரிந்தெடுக்கப்படாதவற்றை அது காப்பதில்லை. மாதிரிப் பையில் விவசாயியின் பெயரும் நில எண்ணும் எழுதிய சீட்டை இடவேண்டுமென்பது பலருடைய மூன்றனுள் வாராது. சீட்டில்லாப் பை ஆய்வுக்கூடத்தில் யாருடையதென்று அறிய இயலாது கிடக்கும். ஆதலின் இத்தகைய செய்முறைகளுக்கு ஆசிரியர் தனியே ஒரு வினா கேட்டல் வேண்டும்.