10.13 மணிக்கு வந்துவிடுவோமா?

மாணவர்களே, கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போகிறீர்கள். தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 90-ஆல் வகுத்தால் 2.2222 மணி நேரம். அதாவது 2 மணி 13 நிமிடம் 20 விநாடி. காலை 8.00 மணிக்குப் புறப்படும் நீங்கள் ஈப்போவிலுள்ள சித்தப்பாவிடம், "10.13க்கு வந்துவிடுவோம்" என்கிறீர்கள். அங்கே 10.30க்குத் திருமண முகூர்த்தம். இன்னும் 17 நிமிடம் கையிலிருக்கிறது என்று நம்பி, அவர் உங்களுக்காக வீட்டிலேயே காத்திருக்கிறார்.

அந்த 13 எங்கிருந்து வந்தது? கணிப்பொறி தந்தது, சாலை தரவில்லை. 90 என்பது நாம் அளந்த எண்ணன்று, ஊகம். மழை பெய்தாலோ, லாரிகள் வரிசையாய் ஏறினாலோ சராசரி 80-க்கு இறங்கலாம். சாலை காலியாக இருந்தால் 100-ஐத் தொடலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள். 100 என்றால் 2 மணி நேரம், 80 என்றால் 2 மணி 30 நிமிடம். விடையே அரை மணி நேரம் ஆடுகிறது. அதில் ஒற்றை நிமிடத்தைச் சொல்வது, கையால் சாண் போட்டு அளந்துவிட்டு மில்லிமீட்டரில் எழுதுவதைப் போன்றது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? வேகம் 10 கூடியபோது மிச்சமானது சுமார் 13 நிமிடம். அதே 10 குறைந்தபோது இழந்ததோ சுமார் 17 நிமிடம். வேகம் வகுக்கும் எண்ணாக இருப்பதால் தாமதம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. நெரிசலில் இது இன்னும் கடுமையாகும். 200-இல் 40 கிலோமீட்டரை மட்டும் மணிக்கு 40 வேகத்தில் ஊர்ந்தால், அந்தத் துண்டுக்கே ஒரு மணி நேரம் போய்விடும். மீதி 160 கிலோமீட்டரை 90-இல் ஓட்டினாலும் மொத்தம் 2 மணி 47 நிமிடம் ஆகும்.

ஆகவே கணக்கை முழுதாகச் செய்துவிட்டு, கடைசியில் மட்டும் கிட்டிய மதிப்புக்கு மாற்றுங்கள். நடுவில் 2.22-ஐ 2 ஆக்கினால் 13 நிமிடம் காணாமல் போய்விடும். விடை அரை மணி நேரம் ஆடும்போது கிட்டிய கால் மணி போதும்: "10.15 வாக்கில், முன்பின் கால் மணி." தாப்பா ஓய்வுத்தளத்தில் தேநீருக்கு 10 முதல் 20 நிமிடம் நின்றால் எல்லை 10.10 முதல் 10.50 வரை நகரும். அப்போது "10.30 வாக்கில்" என்பதே நேர்மையான விடை. முகூர்த்தம் போன்ற தவறவிடக்கூடாத நேரமென்றால் நடு எண்ணைச் சொல்லாதீர்கள், பிந்திய எல்லையைச் சொல்லுங்கள்: "10.50 ஆகலாம், நீங்கள் முன்னே போங்கள் சித்தப்பா."

நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கும். இன்னும் 10 கிலோமீட்டரே இருக்கும்போது 60 வேகத்தில் 10 நிமிடம், 40 வேகத்தில் 15 நிமிடம். இப்போது ஐந்து நிமிடக் கணக்கில் பேசலாம். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரமும் வழியெல்லாம் மாறிக்கொண்டே வருவது இதனால்தான். அடுத்த பயணத்தில் புறப்படும்போது அது காட்டும் நேரத்தையும், உண்மையில் சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். ஐந்தாறு பயணங்களின் வித்தியாசம் தெரிந்துவிட்டால், உங்கள் வழிக்கு எத்தனை நிமிடம் முன்பின் என்று நீங்களே சொல்லிவிடலாம்.