பழுப்பேறிய படமெல்லாம் செப்பியா இல்லை

நம்பிக்கை: அந்தக் காலத்துப் படங்கள் எடுத்தபோதே மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருந்தன.

ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பக்கம் பழைய கங்காணி வீட்டு முன்னறைகளில் தொங்கும் நூறு வருடம் தாண்டிய படங்களைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். இன்று அவற்றில் தெரியும் வெளிறிய தேத்தண்ணி நிறம் படம் பிறந்தபோது இருந்த நிறமில்லை, அது கெட்டுப்போன நிறம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் படத்தாள் என்பது முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசிய மெல்லிய தாள். அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்தி, நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைப்பார்கள். படம் வெயிலிலேயே எழும்பும். அதன் அசட்டுச் செம்பழுப்பை மாற்றத் தங்கக் குளோரைட்டுக் கரைசலில் நனைத்தெடுப்பார்கள். அப்போது கத்தரிப்பூச் சாயல் கலந்த ஆழ்ந்த பழுப்பு கிடைக்கும். ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து எடுத்த படங்களும் இந்த முட்டைத்தாள் காலத்தவைதான். 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்த அவரின் கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

இந்த நிறம் எப்படி மஞ்சளாகிறது? சரியாகக் கழுவாமல் விட்ட ஹைப்போ தாளுக்குள் தங்கிவிடும். மலைநாட்டு ஈரம், அடுப்புப் புகை, பின்னால் ஒட்டிய மட்டமான அட்டை, பசை எல்லாம் அதோடு சேரும். படத்திலுள்ள நுண்ணிய வெள்ளித் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி சல்பைட்டாக மாறி வெளிறும். துகள் குறைவாக உள்ள இடம் முதலில் போகும். அதனால்தான் தலைப்பாகையின் மடிப்பும் வேட்டியின் சுருக்கமும் காணாமல் போன படத்திலும் கறுப்புக் கோட்டு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முறையாகச் செய்த செப்பியாவும் வெள்ளி சல்பைட்டுத்தான். ஜெலட்டின் தாளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் புரோமைடும் கலந்த நீரில் வெளுக்க வைத்து, பிறகு சோடியம் சல்பைட்டுக் கரைசலில் போட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு படம் பழுப்பாகத் திரும்பி வரும். இங்கே வெள்ளி முழுவதும், நல்ல அடர்த்தியோடு, ஒரே சீராக மாறிவிடுவதால் அது எளிதில் மங்காது. ஆகவே ஓரங்கள் வெளிறி முகம் கரைந்த படம் கையில் இருந்தால், ‘இது செப்பியா’ என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். பளபளப்புக்கு அடியில் தாளின் நார் தெரிந்தால் பெரும்பாலும் முட்டைத்தாள். நார் தெரியாமல் வழுவழுவென்று இருந்து, இருண்ட பகுதிகளின் ஓரத்தில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மினுக்கம் அடித்தால் ஜெலட்டின் தாள்.

நம்பிக்கை: ஸ்கேன் செய்து ‘செப்பியா’ பொத்தானை அழுத்தினால் பழைய நிறம் வந்துவிடும்.

கடைகளில் நடப்பது இதுதான். அந்தப் பொத்தான் படம் முழுவதற்கும் ஒரே சாயம் பூசும். வெள்ளைச் சேலை, கண்ணின் வெண்மை, வெறும் தாள் எல்லாம் ஒரே பழுப்பாகும். உண்மையான டோனிங் வெள்ளித் துகளை மட்டுமே நிறம் மாற்றும். துகள் இல்லாத இடத்தில் தாளின் வெண்மை அப்படியே நிற்கும். மிக இருண்ட இடமும் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். வெதுவெதுப்பு அதிகம் தங்குவது இரண்டுக்கும் நடுவே, முகத்தின் நிழலிலும் துணியின் மடிப்பிலும்.

அட்டையில் ஒட்டிய ஒரு முட்டைத்தாள் படத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக நாற்காலியில் ஒரு கங்காணி. சட்டத்திலிருந்து எடுத்து, தட்டைப் படுக்கை ஸ்கேனரில் 600 டிபிஐ, 16 பிட் வண்ணத்தில், TIFF கோப்பாக எடுக்க வேண்டும். தானியங்கி நிறத்திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் நமக்குத் தேவையான தடயத்தை அதுவே அழித்துவிடும்.

அடுத்து அசல் நிறத்தைத் தேட வேண்டும். கோட்டு மடிப்பின் ஆழத்தில், படத்தின் ஓரத்திலிருந்து தள்ளி, நிறமெடுக்கும் கருவியை வையுங்கள். சிவப்பு 50, பச்சை 34, நீலம் 32 என்ற அளவில் வந்தால் நீலம் பச்சைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அதாவது கத்தரிச் சாயல் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீலம் மட்டும் பாதியாக விழுந்திருந்தால் அங்கேயும் மஞ்சள் ஏறிவிட்டது. வேறு மடிப்பைத் தேடுங்கள்.

பிறகு உருவத்தை மீட்பது. மஞ்சளாகிப்போன படம் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்குகிறது, ஆகவே மங்கிய விவரம் நீலத் தடத்தில்தான் ஒளிந்திருக்கும். GIMPஇல் Colors > Components > Decompose வழியாக RGBயைப் பிரித்து நீலப் படிவத்தை மட்டும் திறந்தால், வெறும் மஞ்சளாகத் தெரிந்த தலைப்பாகையில் மடிப்புகள் எட்டிப் பார்க்கும். அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக வைத்துக்கொண்டு Curves மூலம் மாறுபாட்டைக் கூட்டலாம். ஒரு தொல்லை: ஈரக்கறையும் பூஞ்சைப் புள்ளியும் இதே தடத்தில்தான் பளிச்சென்று தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

நிறத்தைக் கடைசியில் ஏற்றுங்கள். படத்தை மறுபடி RGBக்கு மாற்றி, Colors > Map > Gradient Map வழியாக மூன்று நிறச் சாய்வு ஒன்றைக் கொடுக்கலாம். இருளுக்குக் கோட்டு மடிப்பில் எடுத்த 50, 34, 32. நடுவுக்கு 140, 104, 86. ஒளிக்கு 242, 235, 220. நடு நிறம் ஊகம்தான், கண்ணால் கூட்டிக் குறைக்கலாம். அச்சிட்டதும் பகல் வெளிச்சத்தில் அசலின் கோட்டுப் பகுதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே பழையதாகத்தான் தெரியும்.

நீலத் தடத்திலும் மடிப்பு எழும்பாவிட்டால் அங்கே வெள்ளி போய்விட்டது. இல்லாத மடிப்பை வரைந்து சேர்ப்பது மீட்பு ஆகாது.

நம்பிக்கை: படத்தைத் தேத்தண்ணிச் சாயத்தில் நனைத்தால் நிறம் கூடும்.

தேயிலை நாட்டில் இந்த யோசனை வருவது இயல்புதான். ஆனால் தேயிலையின் டானின் வெள்ளியை விட்டுவிட்டுத் தாளுக்கும் ஜெலட்டினுக்கும் சாயமேற்றும். வெள்ளைதான் முதலில் பாழாகும், முகம் இன்னும் அமிழும். முட்டைத்தாள் நனைந்தால் சுருளும், பூச்சு வெடிக்கும். புதிதாக எடுத்த ஜெலட்டின் அச்சில் ஆசைக்குச் செய்து பார்க்கலாம், ஒரே பிரதியாக இருக்கும் குடும்பப் படத்தில் வேண்டாம். ஃபெரிசயனைடுத் தொட்டியும் அப்படித்தான். ஏற்கெனவே சல்பைட்டாகிவிட்ட பகுதியை அது திருப்பாது, மிச்சமிருக்கும் வெள்ளியைத்தான் போய்த் தொடும்.

நம்பிக்கை: பாஸ்போர்ட்டுக்கு எடுத்த குடும்பப் படங்களுக்கும் செப்பியாதான் பொருத்தம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போக விண்ணப்பித்தவர்களின் படங்கள் பல வீடுகளில் மஞ்சளாகிக் கிடக்கின்றன. அவை சாதாரணக் கறுப்பு வெள்ளை. அவசர அச்சில் ஹைப்போ நன்றாகப் போகக் கழுவாவிட்டால் இந்த மஞ்சள் சீக்கிரமே வந்துவிடும். அந்தப் படத்துக்கும் நீலத் தடம்தான் வழி, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்று நிறச் சாய்வு தேவையில்லை. இருளும் ஒளியும் சரியானதும் சாம்பல் நிறப் படமாகவே அச்சுக்குக் கொடுங்கள்.